மாசி 15 என்பது எந்த நாள்?

தமிழில் முறையான கடிதம் எழுதும்போது நாளைத் தமிழ் மாதப் பெயரால் குறிக்க வேண்டும் என்று விரும்புவோர் பலர். விண்ணப்பம், அழைப்பு, சங்கத் தீர்மானம், குடும்பப் பாகப்பிரிவினை பற்றிய மடல் என எதிலும் 'தை 12', 'மாசி 15' என்று எழுதுவது ஒரு நிறைவைத் தருகிறது. அந்த விருப்பத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் மாதப் பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்துவிட்டாலே ஒரு நாள் உறுதியாகிவிடும் என்ற எண்ணம் சரியன்று. ஒரே பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட நாட்காட்டிகள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நாட்காட்டி என்பதைக் கடிதம் சொல்லாவிட்டால், படிப்பவர் தம் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் கொண்டு பொருள் கொள்வார். சென்னையில் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நான் வசிக்கும் ஹைதராபாத் மெட்டுகுடாவில் தருகிறது.

மெட்டுகுடா, செகந்திராபாத் நிலையத்துக்கும் தார்நாகாவுக்கும் இடையில் இருக்கிறது. ரயில்வே வேலைக்கென வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. மூத்த தலைமுறை தமிழ் படிக்கும். அடுத்த தலைமுறை தமிழ் பேசும், தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும். மொழியியல் படித்தவன் என்பதால் தமிழில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் மறுமொழி எழுதித் தரவும் என்னை அழைப்பார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மாடியில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்கு வந்த கடிதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன். அவர் இசைவுடன், ஆட்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கடிதம் அவருடைய அண்ணன் எழுதியது. ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டுவது பற்றியது. மேலே 'தை 12' என்று நாள். உள்ளே, வருகின்ற மாசி 15ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும் என்றும், தராவிட்டால் விருப்பமில்லை என்று கொண்டு தம் பங்கை மட்டும் தனியே பிரித்துக் கட்டத் தொடங்குவதாகவும் இருந்தது. ஒப்புதலில் பெரியவரின் மகனும் கையெழுத்திட வேண்டும். மகனுக்கு வெளியூரில் வேலை. பிப்ரவரி 22, சனிக்கிழமைதான் வர முடியும்.

வீட்டில் இருந்த நாட்காட்டி தெலுங்கு நாட்காட்டி. மருமகள் தெலுங்குப் பெண். மாசி என்பது மாக மாசம்தானே என்று பார்த்தவர், "மாமா, மாகப் பௌர்ணமி பன்னிரண்டாம் தேதியே வந்துவிடுகிறதே" என்றார். பதினைந்தாவது திதி பௌர்ணமி. ஆகவே மாசி 15 என்றால் பிப்ரவரி 12. மகன் வருவதற்குப் பத்து நாள் முன்பே கெடு முடிந்துவிடும். பெரியவருக்கு வருத்தம் தேதியைப் பற்றியதாக இல்லை. "அவகாசமே கொடுக்காமல் எழுதியிருக்கிறார் பார், தம்பி. அண்ணன் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்" என்றார். நாற்பது ஆண்டு உறவின் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் ஒரு மாதப் பெயர்.

மருமகள் சொன்னதில் அறியாமை ஏதும் இல்லை. மாசியும் மாகமும் ஒரே வேரிலிருந்து வந்த பெயர்கள். இரண்டும் மகம் என்னும் விண்மீனின் பெயரைத் தாங்கியவை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் மாதம் ஒன்றாகிவிடாது. தெலுங்கு மாதம் நிலவைப் பின்பற்றுவது. ஓர் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடியும். 2025இல் மாகம் ஜனவரி 30 அன்று தொடங்கியது. தமிழ் மாதம் ஞாயிற்றைப் பின்பற்றுவது. ஞாயிறு ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்து அது தொடங்கும். கும்ப இராசிக்குள் ஞாயிறு நுழைந்தால் மாசி பிறக்கும். தெலுங்கு முறையில் நாளை ஒன்று முதல் முப்பது வரை தொடர்ச்சியாக எண்ணுவதும் இல்லை. வளர்பிறையில் பதினைந்து திதி, தேய்பிறையில் பதினைந்து திதி என்றே சொல்வார்கள். 'மாகம் 15' என்ற எழுத்தே அவர்கள் மரபில் இல்லாதது. அண்ணனின் கடிதத்தில் பக்கத்தைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லாததே, அது நிலவு மாதம் அன்று என்பதற்கு முதல் சான்று.

அப்படியானால் தமிழ் முறையில் அந்த நாள் எது? இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு புதிய இராசிக்குள் நுழைவது மறைவுக்கு முன் என்றால் அன்றே மாதத்தின் முதல் நாள். மறைவுக்குப் பின் என்றால் மறுநாள் முதல் நாள். 2025இல் ஞாயிறு கும்பத்துள் நுழைந்தது பிப்ரவரி 12 இரவு, பத்து மணியளவில். ஆகவே மாசி 1 என்பது பிப்ரவரி 13, வியாழக்கிழமை. அதிலிருந்து எண்ணினால் மாசி 15 என்பது பிப்ரவரி 27, அதுவும் வியாழக்கிழமை. மகன் 22ஆம் தேதி வந்து கையெழுத்திட்டாலும் ஐந்து நாள் மீதம் இருக்கிறது. அண்ணன் கொடுத்தது ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட அவகாசம். கடிதத்தின் நாளான தை 12 என்பது ஜனவரி 25. அன்றிலிருந்து முப்பத்து மூன்றாம் நாள் பிப்ரவரி 27.

பெரியவருக்கு இந்தக் கணக்கைவிட அவரே நினைவுகூர்ந்த ஒன்று உறுதியைத் தந்தது. சிவராத்திரி மாசியில்தான் வரும், ஊரில் அதற்குப் பெரிய பூசை என்றார். அந்த ஆண்டு மகா சிவராத்திரி பிப்ரவரி 26. தெலுங்கு நாட்காட்டியில் அது மாகம் தேய்பிறைச் சதுர்த்தசி. தமிழ் நாட்காட்டியில் மாசி 14. இரண்டு நாட்காட்டிகளும் ஒரே இரவில் சந்திக்கும் இடம் அது. சிவராத்திரிக்கு மறுநாள் மாசி 15 என்றதும் அவர் முகம் தெளிந்தது. திருவிழாக்களைத் துணையாகக் கொண்டு ஒரு தேதியைச் சரிபார்ப்பது எளிய முறை. ஆனால் படிப்பவருக்கும் அதே திருவிழா தெரிந்திருந்தால்தான் பயன்படும்.

பிப்ரவரி 12, பிப்ரவரி 27 என்னும் இரண்டோடு இது முடியவில்லை. இந்திய அரசு 1957 முதல் பயன்படுத்தும் தேசிய நாட்காட்டியிலும் மாகம் என்றொரு மாதம் உண்டு. சக ஆண்டைக் கொண்ட அந்த நாட்காட்டியில் மாதங்களின் தொடக்கம் ஆங்கில நாட்காட்டியோடு இறுகப் பிணைக்கப்பட்டது. அங்கே மாகம் 1 என்பது ஜனவரி 21. ஆகவே மாகம் 15 என்பது பிப்ரவரி 4. மைய அரசின் அரசிதழில் ஆங்கில நாளோடு இந்த நாளும் அச்சாகிறது. தமிழ்ச் சித்திரை ஏப்ரல் 14 அளவில் பிறக்க, தேசிய நாட்காட்டியின் சைத்திரம் மார்ச் 22 அன்றே பிறந்துவிடும். பெயரைப் பார்த்து ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் மூன்று வாரத்துக்கு மேல் பிழை வரும்.

நான்காவது வாசிப்பு எங்கள் ஆய்வு வட்டத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி காட்டியது. ஈழத் தமிழ் வழக்கில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, பங்குனி என்றால் மார்ச் என்று ஆங்கில மாதங்களுக்கே தமிழ்ப் பெயரிட்டு எழுதுவது பரவலானது. அவ்வழக்கில் 'மாசி 15' என்பது பிப்ரவரி 15. இதற்குப் பலரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. நவம்பர் 27 அன்று நினைவுகூரப்படும் மாவீரர் நாளைக் 'கார்த்திகை 27' என்றும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு நாட்காட்டியில் 2024 நவம்பர் 27 என்பது கார்த்திகை 12. அந்த ஆண்டின் கார்த்திகை 27 டிசம்பர் 12 அன்று வந்தது. இரண்டு வாரத்துக்கும் மேலான இடைவெளி. இதைப் பிழை என்று தமிழ்நாட்டார் சொல்வது பொருந்தாது. அங்கே அது வேரூன்றிய வழக்கு. படிப்பவரும் எழுதுபவரும் அதை ஒரே வகையில் புரிந்துகொள்கிறார்கள். அதே யாழ்ப்பாணத்தில் கோயில் காரியங்களுக்குப் பஞ்சாங்க மாதமே பயன்படுகிறது. எந்த இடத்தில் எது என்பது அவ்வூராருக்குத் தெரியும். கடிதம் கடல் கடக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. டொராண்டோவில் இருக்கும் ஓர் அமைப்புக்கு மதுரையிலிருந்து 'மாசி 15க்குள் கட்டுரை அனுப்புவோம்' என்று எழுதினால், அவர்கள் பன்னிரண்டு நாள் முன்பே அதை எதிர்பார்த்திருப்பார்கள்.

ஆக, ஒரு 'மாசி 15', 2025இல் நான்கு நாள்களைக் குறிக்க இடமிருந்தது: பிப்ரவரி 4, 12, 15, 27. நான்கையும் படிப்பவர்கள் நான்கு பேரும் தத்தம் மரபில் சரியாகவே படிக்கிறார்கள். பிழை படிப்பில் இல்லை. எழுதப்படாமல் விடப்பட்டதில் இருக்கிறது.

இதைச் சொன்னதும், ஆண்டைச் சேர்த்து எழுதினால் போதுமே என்று கேட்கலாம். ஆண்டு தேவைதான். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. தமிழ்நாட்டு அரசாணைகளின் தலைப்பில் ஆங்கில நாளின் கீழே அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரும், தமிழ் மாதமும் நாளும், திருவள்ளுவர் ஆண்டும் தரப்படுகின்றன. அம்முறையில் 22.01.2021 என்பது 'சார்வரி, தை 9, திருவள்ளுவர் ஆண்டு 2052' என்று அமையும். ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு கிடைக்கும் என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். அது ஆண்டின் பெரும்பகுதிக்குச் சரி. திருவள்ளுவர் ஆண்டு தை முதல் நாளில் பிறப்பதால், ஜனவரி 1 முதல் தை பிறக்கும் வரையுள்ள இரண்டு வாரங்களுக்கு அது பொருந்தாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரி 5 அன்று ஒரு கடிதம் எழுதுகிறோம். மார்கழி 1 என்பது 2024 டிசம்பர் 16. எனவே ஜனவரி 5 என்பது மார்கழி 21. தை பிறப்பது ஜனவரி 14 அன்று. அதுவரை ஓடுவது திருவள்ளுவர் ஆண்டு 2055. சரியான வடிவம் 'திருவள்ளுவர் ஆண்டு 2055, மார்கழி 21'. 31ஐக் கூட்டி 2056 என்று எழுதினால், மார்கழி 21, 2056 என்பது அடுத்த ஆண்டு ஜனவரிக்குப் போய்விடும். முழுதாக ஓர் ஆண்டுப் பிழை. திருப்பிப் படிப்பவருக்கும் இதே இடர். 'மார்கழி 21, 2055' என்பதைப் பார்த்து 31ஐக் கழித்து 2024 என்று முடிவு செய்தால், 2025 ஜனவரி 5 அன்று எழுதிய கடிதத்தை அதற்கு ஓராண்டு முற்பட்டதாகக் கோப்பில் வைத்துவிடுவோம்.

இதனினும் குழப்பமானது, தமிழ் மாதத்தோடு ஆங்கில ஆண்டைச் சேர்ப்பது. 'மார்கழி 21, 2024' என்று எழுதினால் அதற்கு உறுதியான பொருள் இல்லை. 2024ஆம் ஆண்டு மார்கழியை இரு முறை தொடுகிறது, தொடக்கத்தில் ஒரு பாதியும் முடிவில் ஒரு பாதியும். கண்டிப்பாகப் பார்த்தால் 2024க்குள் விழும் மார்கழி 21 என்பது அந்த ஆண்டின் ஜனவரி 6. ஆனால் மார்கழி தொடங்கிய ஆண்டை நினைத்து எழுதியவர் 2025 ஜனவரி 5ஐக் குறித்திருப்பார். ஆகவே தமிழ் மாதத்துக்கு அருகில் வெறும் நான்கிலக்க எண்ணை விடக்கூடாது. அது எந்த ஆண்டுக் கணக்கு என்பதைச் சொல்லால் எழுத வேண்டும். 'தி.ஆ.', 'தி.பி.' என்னும் சுருக்கங்களும் வேண்டாம் என்பேன். ஒளிநகலில் புள்ளியும் எழுத்தும் மங்கினால் 'கி.பி.' என்று படிக்க இடமுண்டு.

அறுபதாண்டுப் பெயர் இன்னொரு பக்கம் வழுக்கும். அது சித்திரையில் மாறுவது. தெலுங்கில் அதே அறுபது பெயர்கள், அதே வரிசை; ஆனால் உகாதியில் மாறும். 2025இல் உகாதி மார்ச் 30. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. இடைப்பட்ட இரண்டு வாரம் மெட்டுகுடாவின் ஒரே படிக்கட்டில் கீழ்வீட்டாருக்கு விசுவாவசு, மேல்வீட்டாருக்குக் குரோதி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருவதால், பழைய பெட்டியில் கிடைக்கும் 'விசுவாவசு வருடம்' என்ற தாள் 1965–66ஐச் சேர்ந்ததா, அதற்கு முந்திய சுற்றைச் சேர்ந்ததா என்று தாளையும் மையையும் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும். தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா புத்தாண்டு என்னும் விவாதத்தில் 2008இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்ததும் 2011இல் அது நீக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. கடிதம் எழுதுவோருக்கு அந்த விவாதத்தின் முடிவு வேண்டியதில்லை. திருவள்ளுவர் ஆண்டு தையில் மாறும், அறுபதாண்டுப் பெயர் சித்திரையில் மாறும், ஆங்கில ஆண்டு ஜனவரியில் மாறும் என்ற மூன்றை நினைவில் வைத்தால் போதும்.

இத்தனை இடர் இருந்தும் நம் முன்னோர் நாள் குறித்தார்களே என்று தோன்றும். அவர்கள் எழுதிய முறையைப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, அளவுகளுக்குப் பெயரிட்டார்கள். பழைய கடிதங்களிலும் பத்திரங்களிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஒவ்வொன்றின் பின்னும் அதற்குரிய குறி வரும்: ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. 'குரோதி ௵ மாசி ௴ 15 ௳' என்னும்போது எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற ஐயமே எழாது. இன்று 05.02.2025 என்று புள்ளியிட்டு எழுதுவதில் அந்தத் தெளிவு இல்லை. அமெரிக்காவில் பழகிய கண் அதை மே 2 என்று படிக்கும். மாதத்தை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறிப்பதன் உண்மையான பயன் இதுவே. அந்தப் பயன் 'பிப்ரவரி' என்ற பெயருக்கும் 'மாசி' என்ற பெயருக்கும் பொது.

இரண்டாவது செய்தி கல்வெட்டுகளில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் அரசரின் ஆட்சியாண்டோடு மாதம், பிறை, திதி, கிழமை, விண்மீன் என்று பலவும் வருகின்றன. ஒன்று போதாதா, ஏன் இத்தனை என்று மாணவர்கள் கேட்பார்கள். இந்த மிகுதிதான் பிற்காலத்தில் கைகொடுத்தது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாள்களுக்கு வகுத்து 1922இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு, கல்வெட்டின் திதியும் கிழமையும் விண்மீனும் ஒரே நாளில் கூடுகின்றனவா என்று பார்க்க முடிகிறது. கூடினால் நாள் உறுதி. கூடாவிட்டால் எங்கோ பிழை. ஒன்றையொன்று சாராத இரண்டு குறிப்புகள் ஒரே நாளைக் காட்டும்போதுதான் தேதி தன்னைத்தானே மெய்ப்பிக்கிறது.

அந்தக் குறிப்புகளில் கிழமை ஒன்றுதான் இன்றைய கடிதத்துக்கும் எளிதாகப் பொருந்துவது. தமிழ், தெலுங்கு, தேசியம், ஆங்கிலம் என எந்த நாட்காட்டியாயினும் வியாழன் வியாழன்தான். மேலே கண்ட நான்கு நாள்களையும் கிழமையோடு பாருங்கள். பிப்ரவரி 4 செவ்வாய், 12 புதன், 15 சனி, 27 வியாழன். நான்கும் வேறு வேறு. அண்ணன் 'மாசி 15, வியாழக்கிழமை' என்று ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால், மாடிவீட்டில் யாரும் பௌர்ணமியைத் தேடியிருக்க மாட்டார்கள். தேடியிருந்தாலும் அது புதன்கிழமை என்று கண்டதும் ஐயம் எழுந்திருக்கும்.

ஆயினும் தமிழ் நாளும் கிழமையும் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தமிழ் நாட்காட்டிக்குள்ளேயே ஒரு நாள் அசைவு உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஞாயிறு இராசி மாறும் நேரத்தைச் சற்று வேறுபடக் கணிக்கின்றன. ஒன்றின்படி அது ஞாயிறு மறைவதற்கு முன்பும் மற்றொன்றின்படி பின்பும் விழுந்தால், மாதப் பிறப்பு ஒரு நாள் மாறும். கேரளத்தில் எல்லை ஞாயிறு மறைவு அன்று, நண்பகலை அடுத்த ஒரு பொழுது. ஆதலால் ஒரே இராசி மாதம் அங்கும் இங்கும் ஒரு நாள் தள்ளிப் பிறக்கலாம். மாதத்தின் நீளமும் நிலையானதன்று. ஆனியில் பூமி ஞாயிற்றிலிருந்து மிகத் தொலைவில் மெல்ல நகர்வதால் அம்மாதம் 32 நாள் வரை நீளும். மார்கழியில் விரைந்து நகர்வதால் 29 நாளில் முடியும். மனக்கணக்காக நாள் எண்ணுவோர் இங்கேதான் தடுக்குவார்கள்.

மற்றொன்று சட்டம். ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று வழங்கும் 1897ஆம் ஆண்டுச் சட்டம், மைய அரசின் சட்டங்களில் மாதம், ஆண்டு என வரும் சொற்களுக்கு ஆங்கில நாட்காட்டியின்படியே பொருள் தருகிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டத்தின் நோக்கத்துக்கு எல்லா ஆவணங்களும் கிரிகோரிய நாட்காட்டியைக் கருதியே எழுதப்பட்டவையாகக் கொள்ளப்படும் என்கிறது. உறவினர்க்குள் எழுதும் மடலை இவை நேராகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அந்த மடல் பின்னர் வழக்கு மன்றத்துக்குப் போனால், 'நான்கு மாதத்துக்குள்' என்ற கெடுவைத் தமிழ் மாதத்தால் எண்ணுவதா என்ற கேள்விக்கு இடமிருக்காது. பங்குனியிலிருந்து ஆனி வரை நான்கு மாதம் என்று எழுதியவர் எண்ணியிருக்கலாம்; கணக்கு வேறு வழியில் நடக்கும்.

ஆகவே ஒரு கடிதத்தில் ஆளும் நாள் ஒன்றே இருக்க வேண்டும். மற்றது அதற்குத் துணையாக நிற்க வேண்டும். ஆளும் நாளை ஆங்கில நாட்காட்டியிலும், துணை நாளைத் தமிழ் நாட்காட்டியிலும் எழுதுவது இன்றைய நிலையில் பாதுகாப்பானது. நான் பின்பற்றும் வடிவம் இது:

நாள்: 27 பிப்ரவரி 2025, வியாழக்கிழமை
(திருவள்ளுவர் ஆண்டு 2056, மாசித் திங்கள் 15ஆம் நாள்)

பிப்ரவரி என்று எழுதத் தயங்கி அதையே மாசி என்று பெயர்த்துவிடுவோர் உண்டு. மாசி என்பது பிப்ரவரியின் மொழிபெயர்ப்பு அன்று. 2025 பிப்ரவரியின் 28 நாள்களில் முதல் 12 நாள் தையைச் சேர்ந்தவை. பிந்திய 16 நாளே மாசி. பிப்ரவரி என்பது ஒரு பெயர். ஊர்ப் பெயரைப் போல அதை அப்படியே எழுதலாம். ஈழத்து நண்பருக்கு எழுதினால் 'பெப்ரவரி' என்று அவர் எழுத்துமுறையில் எழுதினாலும் நாள் மாறாது. 'மாசி' என்று எழுதினால் மாறக்கூடும்.

தமிழ் நாளே தலைமை பெற வேண்டும் என்று விரும்புவோர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அப்போது மேல்வரியில் திருவள்ளுவர் ஆண்டும் மாதமும் நாளும், கீழ்வரியில் கிழமையும் ஆங்கில நாளும் வரும். ஆனால் கடிதத்தின் உடலில் கெடு எதுவும் இருந்தால், அந்தக் கெடுவை ஆங்கில நாளிலும் சேர்த்து எழுதிவிட வேண்டும். மேலே இரண்டு நாளையும் தந்துவிட்டு உள்ளே 'மாசி 15க்குள்' என்று மட்டும் விடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் குறை. தலைப்பின் தெளிவு உள்ளே தொடர்வதில்லை.

இப்படி எழுதப்படாத கடிதம் நம் கைக்கு வந்தால் என்ன செய்வது? ஊகித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நாம் எப்படிப் படித்தோம் என்பதை மறுமொழியின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். பெரியவருக்காக எழுதிய மறுமொழி இவ்வாறு தொடங்கியது: "தாங்கள் தை 12 (25 ஜனவரி 2025, சனிக்கிழமை) நாளிட்டு எழுதிய கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதில் குறித்துள்ள மாசி 15 என்பதை 27 பிப்ரவரி 2025, வியாழக்கிழமை என்று கொள்கிறேன். வேறு நாளைக் கருதியிருப்பின் உடனே தெரிவிக்க வேண்டுகிறேன்." இந்த மூன்று தொடர்களில் யார் மீதும் குற்றம் இல்லை, ஆனால் நாள் கட்டுண்டுவிடுகிறது. மறுக்காவிட்டால் அதுவே இருவருக்கும் பொதுவான நாள். மறுத்தால், கெடு முடிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "வியாழக்கிழமைதான். இதையெல்லாம் எதற்கு எழுதிக் கேட்கிறாய், சிவராத்திரிக்கு மறுநாள் என்று உனக்குத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டாராம். தெரியும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். மகன் 22ஆம் தேதி வந்தார். ஒப்புதல் பதிவு அஞ்சலில் போயிற்று. அதன் மேல்வரியில் இரண்டு நாட்காட்டிகளின் நாளும் கிழமையும் இருந்தன. நாள் வரியை மட்டும் மருமகளே தம் கையால் எழுதினார், தெலுங்கு எழுத்தின் வளைவு சற்றே தெரியும் தமிழில்.